ஒரே கேள்விக்கு இரண்டு பதில்: வரி உதவி எண்ணோடு ஒரு மல்லுக்கட்டு

வணக்கம் மக்களே! இன்று காசிமேட்டு மீன் ஏலம் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இப்போது இருக்கிற எரிச்சலில் வஞ்சிரத்துக்கு முன்னால் போய் நின்றால், அதற்கும் சேர்த்துத் திட்டு விழும்.

விஷயம் இதுதான். பெங்களூரு மசாலா நிறுவனம் ஒன்றுக்காக இறால் தொக்கு வீடியோ போட்டேன் அல்லவா? அதற்கு 40,000 ரூபாய்க்கு பில் அனுப்பினேன். அங்கிருந்த கணக்காளர் ஜிஎஸ்டி எண் கேட்டார். நான் பதிவு செய்யவில்லை என்றேன். "வெளிமாநிலத்துக்கு பில் போடுகிறீர்கள், பதிவு கட்டாயமாயிற்றே. தேவையில்லை என்றால் எழுத்தில் காட்டுங்கள்" என்று பணத்தை நிறுத்திவிட்டார். மனிதர் கேட்டதில் தவறில்லை. தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே?

சரி, ஜிஎஸ்டியின் இலவச உதவி எண்ணுக்கு அழைத்தேன். அந்தக் காத்திருப்பு இசையைப் பற்றித் தனி வீடியோவே போடலாம். ஒரே புல்லாங்குழல், ஒரே இடத்தில் விக்கல். கடைசியில் ஒரு தம்பி எடுத்தார். "மாநிலம் தாண்டினால் ஒரு ரூபாய்க்கும் பதிவு கட்டாயம் மேடம், பிரிவு 24" என்றார். கணீரென்ற குரல். மறுநாள் அதே எண்ணில் ஓர் அம்மா எடுத்தார். "ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் என்றால் தேவையில்லைம்மா" என்றார். எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டேன். "எங்கள் திரையில் அப்படித்தான் வருகிறது" என்றார்.

இங்கேதான் வேடிக்கை. சட்டப் பிரிவைச் சொன்னவர் பதில் தவறு. எதையும் சொல்ல முடியாதவர் பதில்தான் சரி. பிரிவு எண் வந்துவிட்டால் நம்பிவிடலாம் என்ற என் பக்கத்து வீட்டு அண்ணாவின் தத்துவம் அங்கேயே படுத்துவிட்டது.

ஏன் என்று பார்ப்போம். ஜிஎஸ்டி சட்டத்தின் 24ஆம் பிரிவு, மாநிலம் விட்டு மாநிலம் விற்பவர்கள் வரம்பே பார்க்காமல் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. தம்பி படித்தது அதுவரைதான். ஆனால் 2017 அக்டோபர் 13 அன்று ஓர் அறிவிக்கை வந்தது. மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஒருங்கிணைந்த வரியில் 10/2017 என்பது அதன் எண். சேவை மட்டும் வழங்குகிறவர், நாடு முழுவதும் சேர்த்து ஆண்டு மொத்த விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருந்தால், மாநிலம் தாண்டினாலும் பதிவிலிருந்து விலக்கு. சில சிறப்பு வகை மாநிலங்களில் வரம்பு 10 லட்சம். தமிழ்நாடு அதில் இல்லை. விளம்பர வீடியோ செய்து கொடுப்பது சேவை. ஆகவே எனக்கு விலக்கு உண்டு.

பொருள் என்றால் கதை வேறு. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மொத்தமாக நைட்டி எடுத்து பார்சலில் விற்கிறாளே என் தோழி, முன்பு ஒரு வீடியோவில் வந்தாளே, அவள் பெங்களூருக்கு ஒரே ஒரு நைட்டி அனுப்பினாலும் 24ஆம் பிரிவு பிடிக்கும். அந்தத் தம்பி அவளுக்கு அந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன். நான் விற்பது பொருளா சேவையா என்று அவர் கேட்கவே இல்லை. கேட்காமல் பதில் வந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

பதிவு செய்துவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். செய்தால் ஒவ்வொரு பில்லிலும் 18 சதவீதம் போட வேண்டும், கணக்கு தாக்கல் செய்துகொண்டே இருக்க வேண்டும். வேலையே இல்லாத மாதத்துக்கு வெற்றுப் படிவம் தாமதமானாலும் நாளுக்கு 20 ரூபாய். வேண்டாம் சாமி.

இனி என் நோட்டு. தங்கசாலையில் வாங்கினேன், சிவப்பு அட்டை, 65 ரூபாய். கடைக்காரர் 70 சொன்னார், நான் நகரவில்லை. அந்த ஐந்து ரூபாயின் மகிழ்ச்சி அன்று இரவு வரை இருந்தது. இதோ பாருங்கள், கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். தேதி, நேரம், அழைத்த எண், எடுத்தவர் பெயர், நான் கேட்டது, அவர் சொன்னது. இந்தக் கடைசிக் கட்டத்தை அவர் வார்த்தையிலேயே எழுதியிருக்கிறேன். "தேவையில்லை என்றார்" என்று சுருக்கினால் ஒரு மாதம் கழித்து எது தேவையில்லை என்று நமக்கே தெரியாது.

பிறகு அவர்களுடைய இணையதளத்தில் எழுத்தில் புகார் பதிந்தேன். உடனே டிக்கெட் எண் வந்தது, சிவப்பு மையில் நோட்டில் ஏறியது. பதில் என்ன வந்தது தெரியுமா? பதிவு செய்வது எப்படி என்ற கையேட்டின் சுட்டி! டிக்கெட்டையும் மூடிவிட்டார்கள். நான் கேட்டது பதிவு வேண்டுமா என்று. அவர்கள் சொன்னது பதிவு செய்யும் வழி.

விடுவேனா? இன்னொரு டிக்கெட். அதில் முதல் வரியிலேயே பழைய டிக்கெட் எண், கேள்விக்குப் பதில் வரவில்லை என்ற குறிப்பு. அடுத்து நிலவரம்: பதிவில்லாதவர், சென்னை, சேவை மட்டும், பொருள் விற்பனை இல்லை, கடந்த நிதியாண்டு மொத்தம் சுமார் ஆறு லட்சம். அட, சொல்ல மறந்துவிட்டேன், இந்த மொத்தத்தில் யூடியூப் விளம்பரப் பணத்தையும் சேர்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தாலும் விற்றுமுதலில் அது உண்டு. கடைசியாக ஒரே கேள்வி: 10/2017 அறிவிக்கை எனக்குப் பொருந்துமா, பொருந்தாது என்றால் எந்த விதியால்? இப்படிக் கேட்டால் கையேட்டை நீட்டித் தப்பிக்க முடியாது.

பதில் வந்தது, அறிவிக்கை எண்ணோடு! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதற்கா இவ்வளவு கத்தல்?" என்று சாம்பார் கரண்டியோடு திரும்பிப் போய்விட்டார். டிக்கெட் எண், தேதி, கேள்வி, பதில் நான்கும் ஒரே பக்கத்தில் தெரியும்படி பிடிஎஃப் எடுத்து வைத்தேன். பதிலை மட்டும் வெட்டி எடுத்தால், எந்தக் கேள்விக்கு வந்தது என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் ஒன்று. இந்த டிக்கெட் பதில் எந்த அதிகாரியையும் கட்டுப்படுத்தாது. நாளை நோட்டீஸ் வந்தால் அறிவிக்கைதான் பேசும். டிக்கெட், நான் முறையாகக் கேட்டேன் என்பதற்குச் சான்று, அவ்வளவே. கட்டுப்படுத்தும் பதில் வேண்டுமென்றால் முன்கூட்டிய தீர்ப்பு ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. பதிவு தேவையா என்ற கேள்வியையும் அங்கே கேட்கலாம். படிவத்தின் பெயர் ஜிஎஸ்டி ஏஆர்ஏ-01. மத்திய வரிக்கு 5,000, மாநில வரிக்கு 5,000, ஆக 10,000 ரூபாய் கட்டணம். 90 நாளில் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்பது சட்டம். அந்தத் தீர்ப்பு விண்ணப்பித்தவரையும் அவருடைய எல்லைக்குரிய அதிகாரியையும் கட்டுப்படுத்தும், வேறு யாருக்கும் செல்லாது. என் 40,000 ரூபாய் பில்லுக்கு, அதுவும் அறிவிக்கையே தெளிவாக இருக்கும்போது, 10,000 கொடுக்க நான் என்ன மசாலா நிறுவனமா?

அறிவிக்கையின் நகல், டிக்கெட் பதில், பதிவு இல்லை என்று நான் கையெழுத்திட்ட ஒரு கடிதம், மூன்றையும் கணக்காளருக்கு அனுப்பினேன். பணம் வந்துவிட்டது. வருமான வரிப் பிடித்தம் போக வந்தது. அது வேறு வரி, வேறு உதவி எண், நினைத்தாலே அந்தப் புல்லாங்குழல் காதில் கேட்கிறது. நோட்டில் இன்னும் நிறையப் பக்கம் காலியாக இருக்கிறது. அடுத்த வாரம் காசிமேடு, விடியற்காலை ஏலம், வந்துவிடுங்கள்.