இந்தச் சோப்பின் அடக்கவிலை தொழிற்சாலைக்கே தெரியாது! | ஜாப் காஸ்டிங், பிராசஸ் காஸ்டிங்

[திரையில்: ஒரு கையில் துண்டறிக்கை, மறு கையில் சோப்பு]

இந்தத் துண்டறிக்கையை அடிக்க எவ்வளவு செலவானது என்று அச்சகத்தில் கேட்டால், ஒரு அட்டையை எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இந்தச் சோப்புக்கு எவ்வளவு ஆனது என்று தொழிற்சாலையில் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் ஒரு தொகை சொல்வார்கள். ஆனால் அது இந்தக் கட்டியின் செலவே அல்ல. அந்த மாதம் தயாரான அத்தனை சோப்பின் சராசரி. இந்த ஒரு கட்டிக்கென்று யாரும் எங்கேயும் கணக்கு எழுதவில்லை.

அச்சகம் செய்வது ஜாப் காஸ்டிங், சோப்புத் தொழிற்சாலை செய்வது பிராசஸ் காஸ்டிங். வரையறையைப் பாடப்புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள், நாம் நேராகக் கணக்குக்குப் போகலாம். தொகைகளை வெறும் எண்களாகச் சொல்கிறேன். உங்கள் ஊர் நாணயத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

[திரையில்: ஜாப் கார்டு]

முதலில் அச்சகம். ஆர்டர் வந்ததும் அதற்கு ஒரு ஜாப் கார்டு திறப்பார்கள். காகிதம், அச்சடிக்கும் பிளேட், மெஷின் ஓடிய நேரம் எல்லாம் அந்தக் கார்டில்தான் ஏறும். ஆள் கூலி, மின்சாரம், வாடகை, மை இவற்றையெல்லாம் சேர்த்து மெஷின் ஒரு மணி நேரத்துக்கு 1,000 என்று வைத்துக்கொள்வோம்.

நான்கு வண்ணத் துண்டறிக்கை என்றால் நான்கு பிளேட், அதற்கு 1,600. பிளேட்டை மாட்டி, நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை ஓட்டிப் பார்ப்பதற்குப் பெயர் மேக்ரெடி. அதில் மெஷின் ஒரு மணி நேரம் போகும், அதாவது 1,000. தாள் ஒன்று 4 வீதம் 150 தாள் குப்பைக்குப் போகும், அது 600. ஆக, விற்கக்கூடிய ஒரு தாள்கூட வெளியே வருவதற்கு முன்பே 3,200 காலி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயிரம் தாளுக்கும் காகிதம் 4,000, மெஷின் கால் மணி நேரம் 250. ஆயிரம் பிரதி கேட்டவருக்கு மொத்தம் 7,450, அதாவது ஒன்றுக்கு 7.45. பத்தாயிரம் கேட்டவருக்கு 45,700, ஒன்றுக்கு 4.57தான். தாளும் மையும் மெஷினும் அதேதான். "கொஞ்சமா அடிச்சா ஏன் சார் இவ்வளவு விலை" என்று அச்சகத்தில் சண்டை போட்டவர்கள் கமென்டில் வந்து மன்னிப்புக் கேட்கலாம்.

அச்சகக்காரரிடம் இந்த இரண்டு ஆர்டரையும் சேர்த்துச் சராசரி போடச் சொன்னால் சின்ன ஆர்டரில் நஷ்டம், பெரிய ஆர்டரில் விலை கட்டாமல் வாடிக்கையாளர் ஓட்டம். அதனால்தான் ஆர்டருக்கு ஒரு கார்டு. கார்டில் ஏறாமல் நழுவுவதுதான் இங்கே ஆபத்து. பிளேட் போட்ட பிறகு ஃபோன் எண்ணை மாற்றச் சொல்கிறார்கள், எழுத்து கறுப்பில் இருப்பதால் கறுப்புப் பிளேட் ஒன்றை மட்டும் மறுபடி போட்டு ஓட்டுகிறார்கள், கார்டில் யாரும் எழுதுவதில்லை. ஸ்டோரிலிருந்து போன பிளேட்டையும் கார்டுகளில் ஏறிய பிளேட்டையும் மாதக் கடைசியில் ஒப்பிட்டால் குட்டு உடைந்துவிடும்.

[திரையில்: பெரிய கொப்பரை, கொதிக்கும் சோப்புக் குழம்பு]

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடம். வீடியோவை எடுத்ததே இதற்காகத்தான்.

எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் கொப்பரையில் கொட்டிக் காய்ச்சுகிறார்கள். இது யாருடைய சோப்பு? யாருடையதும் இல்லை. கார்டு திறக்க ஆர்டரே கிடையாது. அதனால் காய்ச்சும் பிரிவு, உலர்த்தும் பிரிவு, அச்சுக் குத்தும் பிரிவு என்று பிரிவுக்கு ஒரு கணக்கு. ஒரு பிரிவில் முடிந்த சோப்பின் மொத்தச் செலவு அடுத்த பிரிவுக்கு மூலப்பொருள் செலவாகப் போகும்.

சுலபமாகத்தானே இருக்கிறது, மொத்தச் செலவை மொத்தக் கிலோவால் வகுத்தால் முடிந்தது என்கிறீர்களா? மாதக் கடைசி நாளில் கொப்பரைக்குள் எட்டிப் பாருங்கள். உள்ளே அரைவேக்காடாக ஒன்று கிடக்கும். அது சோப்பா, எண்ணெயா?

காய்ச்சும் பிரிவில் மாதம் முழுவதும் 10,000 கிலோ இறங்கியது. முந்தைய மாத மிச்சமும் இல்லை, இந்தக் கட்டத்தில் எடையும் குறையவில்லை என்று வைத்துக்கொள்வோம். 8,000 கிலோ முடிந்து அடுத்த பிரிவுக்குப் போய்விட்டது, 2,000 கிலோ கொப்பரையில். மூலப்பொருள் செலவு 6,00,000. கூலி, நீராவி, மேற்செலவு சேர்த்து 1,76,000.

கொப்பரையில் கிடப்பதற்கு மூலப்பொருள் முழுவதும் போட்டாயிற்று. ஆனால் காய்ச்சும் வேலை 40 சதவீதம்தான் ஆகியிருக்கிறது. ஆகவே வேலையைப் பொறுத்தவரை அந்த 2,000 கிலோ, முழுதாக முடிந்த 800 கிலோவுக்குச் சமம். இதைத்தான் ஈக்விவலன்ட் யூனிட், சமான அலகு என்கிறார்கள். அரைக் குடம் தண்ணீர் இரண்டு இருந்தால் ஒரு குடம் என்பது போலத்தான். இவ்வளவு சாதாரண யோசனைக்கு இவ்வளவு பயமுறுத்தும் பெயரை யார் வைத்தார்களோ!

[திரையில்: கணக்கு]

மூலப்பொருளை 10,000 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 60. வேலைச் செலவை 8,800ஆல் வகுத்தால் 20. முடிந்த சோப்பு கிலோ 80. அடுத்த பிரிவுக்குப் போனது 6,40,000. கொப்பரையில் நிற்பது மூலப்பொருள் 1,20,000, வேலை 16,000, ஆக 1,36,000. இரண்டையும் கூட்டினால் 7,76,000, போட்ட பணம் அப்படியே வந்துவிட்டது.

இப்போது இங்கே எப்படித் தில்லுமுல்லு செய்யலாம் என்று பார்ப்போம். மேலாளர் 40 சதவீதத்துக்குப் பதிலாக 80 என்று எழுதிவிடுகிறார். வேலை 9,600 கிலோவுக்குப் பரவும், கிலோவுக்கு 18.33 ஆகும். முடிந்த சோப்பின் செலவு சுமார் 6,26,667. அந்தச் சோப்பு எல்லாம் விற்றுவிட்டால் 13,333 லாபம் கூடுதலாகத் தெரியும். கூடுதலாக ஒரு சோப்பும் விற்கவில்லை, ஒரு எண்ணைத்தான் மாற்றினார்! அந்தச் செலவு எங்கேயும் போகவில்லை, கொப்பரைக்குள் ஒளிந்திருக்கிறது. அடுத்த மாதம் சோப்பின் விலையில் ஏறி வெளியே வரும். அதனால் கணக்கு தணிக்கை செய்பவர் காய்ச்சுப் பதிவேட்டைக் கேட்பார். கொப்பரை எத்தனை மணிக்கு ஏற்றப்பட்டது, கடைசி நாள் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று அதில் இருக்கும். ஆண்டுக் கடைசியில் மட்டும் சதவீதம் திடீரென்று உயர்ந்திருந்தால் சந்தேகப்படலாம்.

உலர்த்தும் பிரிவில் ஒரு வேடிக்கை. காய்ச்சி வந்த சோப்பில் சுமார் 30 சதவீதம் நீர். அதை 12 சதவீதத்துக்கு இறக்கினால் 1,000 கிலோ 795 கிலோவாகிவிடும். 205 கிலோவை யாரும் திருடவில்லை, ஆவியாகிவிட்டது. இது எதிர்பார்த்த இழப்பு, அதன் செலவை மீதமுள்ள 795 கிலோ சுமக்கும். 780தான் வந்தது என்றால் அந்த 15 கிலோ வேறு விஷயம். அதை நல்ல சோப்பின் விலையில் ஏற்றாமல், தனியாக நஷ்டக் கணக்கில் எழுதி, குழாயில் ஒழுகியதா தராசு பொய் சொன்னதா என்று தேட வேண்டும்.

[திரையில்: மறுபடியும் துண்டறிக்கையும் சோப்பும்]

அச்சகத்தில் பாதி முடிந்த வேலைக்கு இந்தச் சதவீதத் தலைவலி கிடையாது. கார்டில் இதுவரை ஏறியதைக் கூட்டினால் போதும். அப்புறம், ஒரு விடுதி தன் பெயர் பொறித்த சோப்பு கேட்டால்? உலர்த்தும்வரை பிராசஸ் காஸ்டிங். தனி அச்சு, தனி உறை வந்ததும் அந்தச் செலவுக்கு மட்டும் ஒரு ஜாப் கார்டு.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. ஆண்டு முழுக்க ஒரே அளவு கோடு போட்ட நோட்டு மட்டும் அடிக்கும் ஒரு அச்சகம். அங்கே கார்டா, சராசரியா? பதிலோடு காரணத்தையும் கமென்டில் எழுதுங்கள், காரணம் இல்லாத பதிலுக்கு நான் லைக் போடமாட்டேன்.