ஒரே ஒரு தடவை

தலைப்பு, நடுவர் சொன்னபடி: "கூட வேலை பாக்குறவங்க மேல விருப்பம் வந்தா சொல்லிடுறதா, இல்ல சொல்லாம மனசுலயே வெச்சுக்குறதா?"

'சொல்லிவிடலாம்' அணியின் இரண்டாவது பேச்சு:

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணித் தலைவர், "வாயத் தொறந்தா கமிட்டிக்குப் போயிடும்"னு பயமுறுத்திட்டு உக்காந்தார். பாதி சரி. வேலை பாக்குற இடத்துல பெண்களுக்கு நடக்குற பாலியல் தொல்லையத் தடுக்குற 2013ஆம் வருஷச் சட்டப்படி 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல புகார விசாரிக்க உள்ளகக் குழு இருக்கணும். ஆனா அந்தச் சட்டம் கையில புடிச்சிருக்கிற அளவுகோல் 'விரும்பத்தகாத'ங்கிற ஒரு சொல். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவோட 78ஆம் பிரிவு இன்னும் தெளிவு: ஒரு பெண் ஆர்வமில்லன்னு காட்டின பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டா, பின்தொடர்ந்தா, அது குற்றம். ஆபத்து ரெண்டாவது தடவையில இருக்கு ஐயா.

அடுத்து வந்தவர் தன் கதையச் சொன்னார். எட்டு மாசம் ஒரு வார்த்தை பேசாம அந்தம்மா ஏறுற பஸ் ஸ்டாப்புலயே நின்னாராம், அவங்களாவே புரிஞ்சுக்கிட்டாங்களாம், கல்யாணமும் ஆச்சாம். வாழ்த்துகள்! ஆனா நடுவர் அவர்களே, நாங்க பயப்படுறது அந்த எட்டு மாசத்தப் பாத்துதான். மனசுல வெச்சுக்குறேன்னு சொல்றவங்க யாரும் மனசுல வெச்சுக்குறதில்ல. அது பார்வையா, பஸ் ஸ்டாப்பா, ராத்திரி பதினொரு மணிக்கு "சாப்டீங்களா"வா வெளிய வருது. ஒரு கேள்விக்கு 'வேணாம்'னு சொல்லலாம். பஸ் ஸ்டாப்புல சும்மா நிக்கிற மனுஷனுக்கு என்னன்னு சொல்றது?

சரி, எப்படிக் கேக்குறது? ஓ.எம்.ஆர்.ல ஒரு கம்பெனின்னு வெச்சுக்குவோம். டெவலப்பர் ஒருத்தர், டெஸ்டிங் டீம்ல ஒரு பொண்ணு. யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்ல. ராத்திரி கேப்ல கேக்கலாமா? கூடாது. கம்பெனி ஏற்பாடு பண்ணின வண்டியும் சட்டப்படி பணியிடம்தான். அதவிட முக்கியம், அவங்களால நடுவழியில இறங்கிப் போக முடியாது. லிஃப்ட்டும் அப்படித்தான். பிறந்தநாள் கேக் வெட்டுறப்போ எல்லார் முன்னாடியும் கேட்டா, கூட்டத்துக்காகச் சிரிச்சு வெப்பாங்க. அத சம்மதம்னு எடுத்துக்குவீங்க. தோழிய விட்டுக் கேட்டா, சாயங்காலத்துக்குள்ள நாலாவது மாடி வரைக்கும் தெரிஞ்சிடும்.

வேலை முடிஞ்ச பிறகு, வாசல் டீக்கடை. ஆள் நடமாட்டம் இருக்கு, பேச்சு யார் காதுலயும் விழாது, அவங்க போற வழி திறந்திருக்கு. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "சனிக்கிழமை ஒரு காபி சாப்பிடப் போலாமா? வேலை விஷயமா இல்ல, உங்களோட பேசணும்னுதான். வேணாம்னா சொல்லிடுங்க, மறுபடி கேக்க மாட்டேன்." காதல், கல்யாணம், 'நீ இல்லாம'... ஒண்ணும் வேணாம். காபியளவு கேட்டா, மறுக்குறதும் காபியளவுதான் கஷ்டமா இருக்கும்.

இப்போ பதில். நம்ம ஊர்ல நேரா 'முடியாது'ன்னு சொல்றவங்க கம்மி. "பாக்கலாம்", "இந்த வாரம் கொஞ்சம் வேலை", "வீட்ல கேக்கணும்" - மூணும் 'வேணாம்'தான். எப்படித் தெரியும்? நிஜமாவே வேலை இருந்து விருப்பமும் இருந்தா, "அடுத்த சனி?"னு அவங்களே சொல்வாங்க. பேஸ்புக், கூகுள்ல ஒரு தடவைதான் கேக்கலாம், மழுப்பலான பதிலும் மறுப்புதான்னு விதி வெச்சிருக்கிறதா 2018ல செய்தி வந்துச்சு. அத அவங்க நம்ம ஊர் "பாக்கலாம்"ங்கிறதக் கேட்டுட்டுதான் எழுதினாங்களோ என்னவோ!

பாதிப் பேர் சறுக்குறது மறுநாள் காலையில. டெஸ்டிங்ல அவங்க இவரோட புரோகிராம்ல ஒரு தப்பக் கண்டுபிடிச்சு 'பக்'னு பதிவு போடுறாங்க. நேத்து வரைக்கும் சிரிச்சுக்கிட்டே பாத்த மனுஷன், இன்னைக்கு "இதெல்லாம் பக்கே இல்ல"னு மூடிட்டு, மெயில்ல அவங்க பேரையும் விட்டுடுறார். இவருக்கு அது ரோஷம், அவங்களுக்குத் தண்டனை. பழைய அளவுலயே வணக்கம், பழைய அளவுலயே பதில். அவங்க பேன்ட்ரிக்குள்ள வர்றப்போ உங்க நண்பர் தொண்டையச் செருமுறார் பாருங்க, அத நிறுத்துறதும் உங்க வேலை.

எங்க அணித் தலைவி உள்ளகக் குழுக்கள்ல வெளி உறுப்பினரா உக்காந்தவங்க. மதிப்பீடு போடுற கை அந்தக் கேள்வியக் கேக்கவே கூடாதுன்னு அவங்க சொன்னது எனக்கும் சம்மதம். அங்க 'வேணாம்'ங்கிறதுக்கு விலை இருக்கு. 2019ல மெக்டொனால்ட்ஸ் தலைமை அதிகாரி, சம்மதத்தோட நடந்த உறவுக்கே பதவி இழந்தார்.

ஆனா ஷிஃப்ட் பட்டியல் மட்டும் போடுற சீனியர்? சம்பளத்துல கை இல்ல, ஆனா யாருக்கு நைட் ஷிஃப்ட்னு எழுதுறவர். அவர் கேக்கலாமா? தலைவி கூடாதுங்கிறாங்க. பட்டியல வேற ஒருத்தர் கையில குடுத்துட்டுக் கேக்கட்டும்னு நான் நினைக்கிறேன். எங்க அணிக்குள்ளயே தீரல. மணி அடிச்சுட்டீங்க, நீங்களே பாத்துச் சொல்லுங்க நடுவர் அவர்களே.