வைஃபை ரௌட்டர்ல 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ரெண்டு பேண்டுக்கும் ஒரே பேரா, தனித்தனிப் பேரா?

ரெக்கார்டிங் ஓடுதா? ஓடுது. சரி வாங்க. இன்னிக்கு என் மூஞ்சியைவிட லேப்டாப் திரையைத்தான் அதிகம் பார்க்கப் போறீங்க.

நேத்து கரண்ட் போச்சு, பத்து நிமிஷத்துல வந்துடுச்சு. அதுக்கப்புறம் நெட் ஆமை மாதிரி ஊர்ந்துச்சு. ரௌட்டர் இதோ, நாலடி தள்ளி இதே மேஜைமேல உக்காந்திருக்கு. சிக்னல் கோடு ஃபுல்லா நிக்குது. ஆனா ஒரு வீடியோவை மேல ஏத்தறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. உடனே விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து இதை அடிச்சேன்:

```
netsh wlan show interfaces
```

வர்ற வரிகள்ல Channel னு ஒண்ணு இருக்கும், அதை மட்டும் பாருங்க. எனக்கு 6ன்னு காட்டுச்சு. 1லேருந்து 13க்குள்ள இருந்தா 2.4 கிகாஹெர்ட்ஸ். 36, அதுக்கு மேலன்னா 5 கிகாஹெர்ட்ஸ். புது ரௌட்டர்ல 6 கிகாஹெர்ட்ஸும் இருந்தா இந்தக் கணக்கு உதவாது, ஏன்னா அங்க சேனல் நம்பர் மறுபடி 1லேருந்து ஆரம்பிக்கும். அது உங்ககிட்ட இருந்தா Band வரி வருதான்னு பாருங்க.

ஆக, ரௌட்டர் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு நான் வேகம் கம்மியான 2.4ல ஒட்டிக்கிட்டிருக்கேன். எப்படி? என் 5 கிகாஹெர்ட்ஸ் சேனல் 100ல இருந்துச்சு. அந்த வரிசையில ரேடாரும் ஓடுது. அதனால ரௌட்டர் எழுந்திருச்சதும் அந்தச் சேனல்ல உடனே பேசக்கூடாது. ரேடார் சத்தம் கேக்குதான்னு குறைஞ்சது 60 விநாடி காது கொடுத்துக் கேட்டுட்டுத்தான் வாயைத் திறக்கணும். 2.4க்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, உடனே வந்துடும். ரெண்டுக்கும் நான் ஒரே பேர்தான் வச்சிருக்கேன். வீட்டுல இருக்கற எல்லாம் அந்தப் பேரைத் தேடுச்சு, கிடைச்ச 2.4ல ஏறிக்குச்சு.

சரி, ஒரு நிமிஷம் கழிச்சு 5 வந்துடுச்சே, மாற வேண்டியதுதானே? இங்கதான் பல பேர் தப்பா நினைக்கிறாங்க. எந்த பேண்டுல இருக்கணும்னு முடிவு பண்றது ரௌட்டர் இல்லை, உங்க ஃபோனும் லேப்டாப்பும்தான். அதுங்க கையில இருக்கற சிக்னல் நல்லா இருக்கற வரைக்கும் வேற இடம் தேடாது. ஐஃபோன் கணக்கை ஆப்பிளே வெளிய சொல்லியிருக்கு: சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழ போனாதான் வேற தேடும். புதுசு, பழசைவிட 8 டெசிபெல் நல்லா இருந்தாதான் தாவும். டேட்டா எதுவும் ஓடாம சும்மா இருந்தா 12 டெசிபெல் வேணும். இந்த மேஜையில 2.4 சிக்னல் மைனஸ் 38, அந்த எல்லைக்கு ரொம்ப மேல. அது ஏங்க நகரப் போகுது?

இதுக்குத்தான் பேண்ட் ஸ்டியரிங். ரௌட்டரோட செட்டிங்ஸ் பக்கத்துல Band Steering, இல்லைன்னா Smart Connect னு இருக்கும். இது ஃபோனை 5 பக்கம் தள்ளப் பார்க்கும். தள்ளறதுல மூணு விதம். ஒண்ணு, ஃபோன் 2.4ல வந்து கதவைத் தட்டினா காது கேக்காத மாதிரி இருக்கறது. ரெண்டாவது, 802.11vங்கற வைஃபை முறை வழியா "5ல இடம் இருக்கு, வர்றியா?"ன்னு மரியாதையா கேக்கறது. ஃபோன் மாட்டேன்னும் சொல்லலாம். மூணாவது, கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளறது. இணைப்பையே துண்டிச்சுடும்.

ஸ்டியரிங்கை ஆன் பண்ணினேன். ஹால்ல பிரமாதம், லேப்டாப்பும் ஃபோனும் கொஞ்ச நேரத்துலயே 5க்கு வந்துடுச்சு. அப்புறம் ஐஃபோன்ல வீடியோ கால் பேசிக்கிட்டே பின்னாடி ரூமுக்குப் போனேன். நடுவுல ரெண்டு சுவர். அங்க வைஃபை அனலைசர்ல அளந்தா 5 கிகாஹெர்ட்ஸ் மைனஸ் 77, 2.4 மைனஸ் 64. நடந்தது இதுதான்: மைனஸ் 77 ஆச்சே, ஃபோன் தேடுச்சு, 13 டெசிபெல் நல்லதா 2.4 கிடைச்சுது, தாவிடுச்சு. ரௌட்டர் பார்த்துச்சு, "ஏய், நீ 5 பேசறவன்தானே"ன்னு பிடிச்சுத் தள்ளிடுச்சு. 2.4ல கதவும் திறக்கலை. வேற வழியில்லாம ஃபோன் 5க்குப் போச்சு, மைனஸ் 77, மறுபடி தேடல், மறுபடி 2.4, மறுபடி தள்ளு. ஒவ்வொரு தடவையும் எதிர்ல இருக்கறவர் முகம் அப்படியே உறைஞ்சு நிக்கும். உங்களுக்கும் இதேதானான்னு தெரிஞ்சுக்க, ரௌட்டரோட செட்டிங்ஸ் பக்கத்துல இணைஞ்சிருக்கற சாதனங்கள் பட்டியலைத் திறந்து வச்சு ரெஃப்ரெஷ் பண்ணுங்க. நீங்க நகராம ஒரே இடத்துல நிக்கும்போது பேண்ட் மாறி மாறி வந்தா இதுதான் வியாதி.

இதுக்குத்தான் நிறைய பேர் கடுப்பாகி பேரைப் பிரிச்சுடறாங்க. Veedu, Veedu_5G. நானும் பிரிச்சுப் பார்த்தேன். ஊசலாட்டம் நின்னுடுச்சு, ஆனா கால் முழுசா கட் ஆச்சு. ஒரே பேரா இருந்தா ஃபோனுக்கு அது ஒரே நெட்வொர்க், பேண்ட் மாறினாலும் ஐபி முகவரியைக் கையிலயே வச்சுக்கும். பேர் வேறன்னா அது வேற நெட்வொர்க். 5 சாகிற வரைக்கும் பிடிச்சுக்கிட்டுத் தொங்கும், அப்புறம் விட்டுட்டு புதுசா போய் சேரும். இன்னொண்ணு, இப்போ ஃபோனெல்லாம் ஒவ்வொரு நெட்வொர்க் பேருக்கும் தனி மேக் முகவரி போட்டுக்குது. அதனால ரௌட்டருக்கு நீங்க புது ஆள், ஐபியும் வேற கொடுக்கும். ஓடிக்கிட்டிருந்த கால் எப்படித் தாங்கும்?

தனிப்பேர் வேண்டவே வேண்டாம்னு சொல்லலை. சுவர்ல மாட்டின டிவி நடக்கப் போறதில்லை, அதை 5 மட்டும் இருக்கற பேர்ல கட்டிப் போடலாம். 2.4 மட்டும் தெரிஞ்ச ஸ்மார்ட் பல்பு, பழைய பிரிண்டர் இதுக்கெல்லாம் 2.4க்கு மட்டும் தனியா ஒரு பேர் வச்சுடுங்க. ரௌட்டர் காது கேக்காத மாதிரி நடிச்சா, பிரிண்டர் ரெண்டு தடவை கேட்டுட்டு அப்படி ஒரு நெட்வொர்க்கே இல்லைன்னு படுத்துக்கும். ஆனா கையில எடுத்துக்கிட்டு நடக்கற ஃபோனுக்கு ஒரே பேர்தான்.

உங்க ரௌட்டர் ஸ்டியரிங்ல சிக்னல் எல்லை வைக்க விட்டா வேலை சுலபம். 5 சிக்னல் மைனஸ் 65ஐவிட நல்லா இருந்தா மட்டும் தள்ளுன்னு வச்சுடுங்க, பின் ரூம்ல அது வாலாட்டாது. என்னோடதுல ஆன், ஆஃப் ரெண்டுதான். அதனால ஆஃப் பண்ணிட்டேன். பேர், பாஸ்வேர்ட், பாதுகாப்பு முறை மூணும் ரெண்டு பேண்டுலயும் ஒண்ணாக்கினேன். ஒரு பக்கம் WPA2, இன்னொரு பக்கம் WPA3னு இருந்தா ஃபோன் குழம்பும். 5ஐ சேனல் 36க்கு மாத்தினேன், அங்க அந்த ரேடார் காத்திருப்பு இல்லை.

கடைசியா 2.4 பவரைக் குறைச்சேன். ரெண்டும் சமமா தெரிஞ்சா இப்போ வர்ற ஃபோன்கள் பெரும்பாலும் 5ஐத்தான் எடுக்கும். ஒரே தூரத்துல 5 கிகாஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட 6 டெசிபெல் பலவீனமா வரும், அதனால முதல்ல பவரை 25 சதவீதத்துக்கு இறக்கினேன், அதாவது 6 டெசிபெல் குறைச்சேன். தப்பாப் போச்சு. பின் ரூம்ல 2.4 மைனஸ் 70 ஆயிடுச்சு, 5 மைனஸ் 77. வித்தியாசம் 7தான், தாவறதுக்கு 8 வேணுமே! ஃபோன் செத்துப்போன 5லயே கிடந்துச்சு. 50 சதவீதம் வச்சா 3 டெசிபெல்தான் குறையும், மைனஸ் 67 வரும், வித்தியாசம் 10. இப்போ ஒரே ஒரு தடவை தாவுது, கால்ல ஒரு சின்ன விக்கல், அவ்வளவுதான்.

திரும்ப ஹாலுக்கு வந்தா? ஃபோன் 2.4லயேதான் இருக்கு, அதுக்கு நகரக் காரணமே இல்லை. பெரிய ஃபைல் ஏத்தணும்னா மட்டும் வைஃபையை ஒரு தடவை அணைச்சுப் போடறேன். இதோ, போட்டுட்டேன்... சேனல் 36. வந்துடுச்சு. இந்த வீடியோவை இப்போ ஏத்திடறேன்.