ஞாயிறு காலையில் தாளம் தப்பிய நெஞ்சு

வணக்கம் மக்களே. பின்னால் வெள்ளையாகத் தெரிவது மேகம்தான், கேமரா கோளாறு இல்லை. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் எங்கள் வீட்டு மொட்டைமாடி இது. நைட் டூட்டி முடிந்து இப்போதுதான் வந்தேன். நான் ஸ்டாஃப் நர்ஸ் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும்.

போன சீசனில் ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒருவர் வந்தார். வயது 36. "சிஸ்டர், மலை ஒத்துக்கலை போல, மூச்சு வாங்குது, நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுற மாதிரி இருக்கு" என்றார். கூட வந்தவர்களும் மலை மேல்தான் பழி போட்டார்கள். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம்தான். அந்த உயரத்துக்கு நெஞ்சு இப்படித் துள்ளாது.

மணிக்கட்டில் கை வைத்தேன். டக்... டக்டக்... டக்... டக்... டக்டக். எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்று சொல்லவே முடியவில்லை. முழுசாக ஒரு நிமிடம் எண்ணினேன், 94. அதே நிமிடம் இன்னொரு சிஸ்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து எண்ணினார், 138. அதாவது 44 துடிப்பு மணிக்கட்டுக்கு வந்து சேரவில்லை. ரத்தம் நிரம்புவதற்குள் இதயம் சுருங்கிவிட்டால் அந்தத் துடிப்பில் கைக்கு வர ஒன்றும் இருக்காது. விரலில் மாட்டும் கருவியை மட்டும் நம்பினால் இது தப்பிப் போகும்.

ஈசிஜியில், இதயத்தின் மேலறைகள் ஒழுங்காக இயங்குவதைக் காட்டும் பி அலையே இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல், நிமிடத்துக்கு 350 தடவைக்கு மேல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். நடுவில் இருக்கும் ஏவி நோடு வாட்ச்மேன் மாதிரி சிலதை மட்டும் கீழே விடும், அதுவும் இஷ்டத்துக்கு.

1978இல் அமெரிக்காவில் எட்டிங்கர் என்ற டாக்டரும் அவர் குழுவும் இதற்கு 'ஹாலிடே ஹார்ட்' என்று பெயர் வைத்தார்கள். வார இறுதியில் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு வந்தவர்களிடம் பார்த்தது. நம்ம ஆள் வெள்ளி இரவு ஆரம்பித்திருக்கிறார். சனி இரவு மட்டும் ஒரு ஹாஃப். நம்ம ஊர் குவாட்டர் 180 மில்லி, அதில் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம். ஹாஃப் என்றால் 375 மில்லி, 125 கிராம். அது மேலறையின் மின்னோட்டத்தையே கலைக்கிறது. விடியும்போது அட்ரினலின் ஏறுகிறது. வாந்தியிலும் சிறுநீரிலும் பொட்டாசியம், மெக்னீசியம் போய்விடுகிறது. இவருக்குப் பொட்டாசியம் 3.1தான் இருந்தது.

சரி, அப்புறம் டாக்டர் நண்பர்களை வெளியே அனுப்பிவிட்டு, திரையை இழுத்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டார். எப்போது தொடங்கியது? வேறு ஏதாவது எடுத்தீர்களா?

முதல் கேள்வி, 48 மணி நேரக் கணக்குக்காக. நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கி உறையும். அதற்கு மேல் ஆகியிருந்தால் உறைவைச் சமாளிக்க வழி பார்க்காமல் தாளத்தைப் பழையபடி திருப்பக் கூடாது, கட்டி கிளம்பி மூளைக்குப் போகலாம். இரண்டாவது கேள்வியைத்தான் பலர் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். போலீஸுக்குச் சொல்ல இல்லைங்க, ஊசிக்காக. மெத், கோக்கைன் மாதிரிச் சரக்கு எடுத்திருந்தால் இதயத்தின் சொந்த ரத்தக்குழாயே இறுகிப்போகும், உள்ளே ரத்தம் உறையும். அடைப்பே இல்லாத இருபத்தைந்து வயசுப் பையனுக்கும் மாரடைப்பு வருவது இப்படித்தான். துடிப்பைக் குறைக்க நாங்கள் போடும் மெட்டோப்ரோலால் வகை மருந்து, வேகத்தை அடக்கும்; ரத்தக்குழாய் இறுக்கத்தை அப்படியே விட்டுவிடும், கூட்டவும் கூட்டலாம். அதனால் அப்படிப்பட்டவருக்குப் பல டாக்டர்கள் முதலில் பதற்றத்தை அடக்கும் ஊசியும், ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரேட்டும்தான் கொடுப்பார்கள்.

இவர் எனர்ஜி டிரிங்க் கலந்ததைத் தவிர எதுவும் இல்லை என்றார். படுக்கும்போது சரியாக இருந்ததாம், காலை ஐந்தரைக்கு எழுந்தபோதுதான் படபடப்பு. மெட்டோப்ரோலால் மெதுவாக ஏற்றினோம், பொட்டாசியமும் போட்டோம். சாயங்காலம் நாலரைக்கு, தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மானிட்டரில் பி அலை திரும்ப வந்தது. அவருக்கே தெரியவில்லை, நான்தான் சொன்னேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது இன்னொன்று வெளியே வந்தது. விடுமுறை மட்டும் இல்லை, எட்டு வருடமாகத் தினமும் ஒரு குவாட்டர், பல நாள் அதற்கும் மேல். தினம் 80 கிராமுக்கு மேல், ஐந்து வருடத்தைத் தாண்டினால் இதயத் தசையே தளர்ந்து விரியலாம். அதனால் கீழே போனதும் எக்கோ எடுக்கச் சொன்னோம். பத்து நாள் கழித்து வார்டு போனுக்குக் கூப்பிட்டார். ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் 45 சதவீதம், கொஞ்சம் குறைவு. தாளம் தப்பியதாலா, எட்டு வருடக் குவாட்டராலா என்று ஒரு எக்கோவில் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்று மாதம் ஒரு சொட்டும் இல்லாமல் இருந்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த எக்கோ அடுத்த மாதம்.