மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் வலி: நியூட்ரல் கிரிப், ஸ்ட்ராப், ராப் எதை எங்கே போடுவது?

கேள்வி: "அண்ணா, ஒரு மாசமா வலது மணிக்கட்டுல சுண்டுவிரல் பக்கம் வலி. பார்பெல் கர்ல் பண்ணும்போதும் புஷ்-அப் எடுக்கும்போதும் சுருக்குன்னு இருக்கு. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல, தசைநாண் எரிச்சல்தான்னு டாக்டர் சொல்லிட்டார். நியூட்ரல் கிரிப், ஸ்ட்ராப், ராப் வெச்சு மேல் உடம்பு பயிற்சிய தொடரலாமா?"

தொடரலாம் தம்பி. ஆனால் நீங்கள் கேட்ட மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. நியூட்ரல் கிரிப் கை திரும்பும் கோணத்தை மாற்றுகிறது. ஸ்ட்ராப் பிடிக்கும் வேலையைக் குறைக்கிறது. ராப் மணிக்கட்டு மடங்குவதைத் தடுக்கிறது. உங்களுக்கு வலி எங்கே, எந்த அசைவில் வருகிறது என்று தெரிந்தால்தான் எதை எங்கே போடுவது என்று முடிவு செய்ய முடியும்.

சுண்டுவிரல் பக்கம் வலி என்றால் பெரும்பாலும் சந்தேகப்படும் தசைநாண் எக்ஸ்டென்சர் கார்பி அல்னாரிஸ். முன்கையின் பின்பக்கமாக வந்து, மணிக்கட்டில் துருத்திக்கொண்டிருக்கும் அந்த எலும்பு முண்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் ஓடி, சுண்டுவிரலின் அடி எலும்பில் போய் ஒட்டும். பள்ளத்தை விட்டு நழுவாமல் இருக்க அதற்கு ஒரு சின்ன உறை உண்டு. உள்ளங்கை மேலே பார்க்கும்படி முழுசாகத் திருப்பினால் தசைநாண் அந்த இடத்தில் வளைந்து உறையின் சுவரை அழுத்தும். அதோடு கை சுண்டுவிரல் பக்கம் சாய்ந்தால் அழுத்தம் இன்னும் கூடும்.

நேரான பார்பெல் கர்ல் இந்த இரண்டையும் சேர்த்தே செய்கிறது. கம்பி நேராக இருப்பதால் உள்ளங்கை முழுசாக மேலே திரும்பியாக வேண்டும். முழங்கையிலிருந்து முன்கை இயற்கையாகவே கொஞ்சம் வெளிப்பக்கம் விலகி இருப்பதால், கம்பியைப் பிடிக்கும்போது கை உள்பக்கமாக, அதாவது சுண்டுவிரல் பக்கமாகச் சாய்கிறது. உங்களுக்குச் சுருக்கென்று குத்துவது அதனால்தான் என்பது என் கணிப்பு. உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும் நியூட்ரல் பிடியில் அந்தத் திருப்பம் பாதிக்குமேல் குறைந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வலி கட்டைவிரல் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நியூட்ரல் பிடியில் டம்பெல் தூக்கும் ஹேமர் கர்லில் முன்கை தரைக்கு இணையாக வரும்போது டம்பெல் கையைக் கீழே இழுக்கும், அதைத் தாங்குவது கட்டைவிரல் பக்கத் தசைநாண்கள். டி கெர்வைன் என்னும் கட்டைவிரல் பக்கத் தசைநாண் பிரச்சினை உள்ளவருக்கு அதே நியூட்ரல் பிடி வலியைக் கூட்டலாம்.

சரி, உங்கள் பயிற்சிக்கு வருவோம். மார்புக்கு பார்பெல்லை விட்டுவிட்டு டம்பெல் பிரஸ், உள்ளங்கைகள் எதிரெதிரே பார்க்கட்டும். கைப்பிடி விரல்களின் அடியில் இல்லாமல் உள்ளங்கையின் அடிப்பகுதியில், முன்கை எலும்புக்கு நேர் மேலே உட்கார வேண்டும். வழக்கமாக 20 கிலோ போடுகிறீர்கள் என்றால் 10 கிலோவில் ஆரம்பித்து, இறக்க 3 விநாடி எடுத்துக்கொண்டு 12 முதல் 15 தடவை செய்யுங்கள். எடை குறைந்தாலும் மார்புக்கு வேலை இருக்கும். புஷ்-அப் வேண்டுமென்றால் புஷ்-அப் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டு பின்னால் மடங்காமல் எடுக்கலாம்.

ராப்பை இந்தத் தள்ளும் பயிற்சிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிறைய பேர் அதை வாட்ச் கட்டும் இடத்தில் கட்டுகிறார்கள். அங்கே கட்டினால் மூட்டு சுதந்திரமாக மடங்கும், ராப் வெறும் அலங்காரம்தான். பாதி மூட்டுக்கு மேலே, பாதி கீழே, மூட்டைத் தாண்டிப் போக வேண்டும். சுற்றி முடித்ததும் கட்டைவிரல் வளையத்தைக் கழற்றிவிடுங்கள். செட் முடிந்ததும் தளர்த்துங்கள். விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ இறுக்கம் அதிகம். முக்கியமாக, முதல் வார்ம்-அப் செட்டை ராப் இல்லாமல் செய்யுங்கள். அதிலேயே நன்றாக வலிக்கிறது என்றால், ராப் கட்டி வலியை மறைத்துக்கொண்டு எடை ஏற்றக் கூடாது. அன்று அந்தப் பயிற்சி வேண்டாம்.

முதுகுக்கு ஸ்ட்ராப் நல்ல உதவி. கம்பியை இறுக்கிப் பிடிக்கும்போது விரல் மடக்கும் தசைகள் மட்டும் வேலை செய்வதில்லை, மணிக்கட்டு மடங்காமல் நிறுத்த பின்பக்கத் தசைகளும் இறுகுகின்றன. உங்கள் எரிச்சலான தசைநாணும் அதில் ஒன்று. ஸ்ட்ராப் எடையை வாங்கிக்கொண்டால் விரல்கள் லேசாக மூடினால் போதும். லேட் புல்டவுனிலும் சீட்டட் ரோவிலும் நியூட்ரல் கைப்பிடியை மாட்டி, அதன் மேல் ஸ்ட்ராப் போடுங்கள். ஆனால் எடை ஏறும்போது ஸ்ட்ராப் அந்த எலும்பு முண்டின் பக்கத்துப் பள்ளத்தையே அழுத்துகிறதா என்று பாருங்கள். அழுத்தினால் அதைக் கொஞ்சம் கை பக்கம் நகர்த்திப் போடுங்கள், அடியில் மெல்லிய துணிப் பட்டையும் வைக்கலாம். அப்படியும் வலித்தால் ஸ்ட்ராப்பையே விட்டுவிடுங்கள்.

தோளுக்கு என் விருப்பம் கேபிளில் கணுக்காலுக்கு மாட்டும் பட்டையை முன்கையில், மணிக்கட்டுக்கு மேலே மாட்டி லேட்டரல் ரெய்ஸ் செய்வது. கையே தேவையில்லை. ட்ரைசெப்ஸுக்குக் கயிறு பிடித்துச் செய்யும் புஷ்டவுனும் நியூட்ரல்தான், ஆனால் முடிவில் கயிற்றை வெளிப்பக்கம் விரித்து மணிக்கட்டைச் சாய்க்கும் பழக்கம் உங்களுக்கு ஆகாது. மணிக்கட்டு நேராக இருக்கும் இடத்தோடு நிறுத்துங்கள்.

இவ்வளவு கவனமாகச் செய்துவிட்டு, தரையிலிருந்து டம்பெல்லை வெடுக்கென்று தூக்குவதிலும், 20 கிலோ பிளேட்டை ஒரு கையில் விளிம்பைப் பிடித்துக் கழற்றுவதிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். பிளேட்டை இரண்டு கையால் எடுங்கள். டம்பெல்லை நண்பரை எடுத்துத் தரச் சொல்லுங்கள். வலது கை என்பதால் பைக் ஆக்சிலரேட்டரும் கணக்கில் சேரும், ஓட்டும்போது மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டு முறுக்காதீர்கள்.

அளவு எப்படித் தெரியும்? 10-க்கு 3 வரை வலி பயிற்சியின்போது இருக்கலாம், மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். காலையில் கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள், அல்லது அந்த ஒரு பயிற்சியை மாற்றுங்கள். எல்லாவற்றையும் நிறுத்தத் தேவையில்லை.

உள்ளங்கையை மேலே திருப்பும்போது ஏதோ நழுவி 'டக்'கென்று சத்தம் வந்தால் தசைநாண் பள்ளத்தை விட்டு வெளியே போகிறதா என்று பார்க்க வேண்டும். நாற்காலியில் கை ஊன்றி எழும்போது உள்ளே ஆழமாக வலித்தால் அங்கே இருக்கும் குருத்தெலும்பு சம்பந்தப்பட்டிருக்கலாம், அது எக்ஸ்ரேயில் தெரியாது. வீக்கம், மரத்துப்போதல், பிடி நழுவுவது என்றாலும் எலும்பு மூட்டு மருத்துவரிடம் மறுபடி போங்கள்.

இரண்டு வாரம் தொடர்ந்து காலையில் வலி கூடாமல் இருந்தால் பிடியை ஒரே நாளில் பழையபடி திருப்பாதீர்கள். ஹேமர் கர்லிலிருந்து முதலில் வளைந்த ஈசி பார். அதில் பாதித் திருப்பம்தான் இருக்கும். அது பழகி, எடையும் பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்த பிறகு வெறும் நேரான கம்பியை எடுத்துப் பாருங்கள். குத்தினால் ஈசி பாரிலேயே இருங்கள், பைசெப்ஸ் வளர நேரான கம்பி கட்டாயம் கிடையாது.