மெட்டில் விழுந்த இடைவெளி: திரைப்பாடலை மாற்றி எழுதி உவமையும் உருவகமும் கற்பித்தல்

கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வந்திருக்கும் தமிழ்ப் பாட ஆசிரியர்களுக்கு என் வணக்கம்.

உவமை, உருவகம் ஆகியவற்றின் வரைவிலக்கணத்தைத் தரம் ஏழு, எட்டு மாணவர்கள் தடையின்றி ஒப்புவிப்பார்கள். ஆனால் அறியாத பாடலொன்றை முன்னே வைத்து இது எது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் முதலில் 'போல' என்ற சொல்லையே தேடுகிறார்கள். அது இருந்தால் உவமை, இல்லாவிட்டால் உருவகம் என்று எழுதிவிடுகிறார்கள். 'மழை வரும் போல கிடக்கு' என்பதிலும் 'போல' உண்டு, அங்கே உவமை இல்லை. 'அக்கா அம்மாவைப் போல இருக்கிறா' என்பதிலும் உண்டு. அங்கே இரண்டு மனிதரின் சாயலை ஒப்பிடுகிறோமே தவிர, வேறு இனப் பொருளொன்றைக் கொண்டுவந்து விளக்கவில்லை. 'தாமரைமுகம்' என்பதில் 'போல' இல்லை, ஆயினும் அது உவமைத்தொகை. அதையே 'முகத்தாமரை' என்று திருப்பிப் போட்டால் உருவகமாகிவிடுகிறது. இந்தக் குழப்பம் தீர்வதற்குத் திரைப்பாடலின் மெட்டு தருகின்ற உதவியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பாட்டைத் தெரிவதில் கவனம் வேண்டும். மாணவர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடமான, மெதுவான நடையுள்ள பாட்டின் பல்லவியிலிருந்து ஓர் அடி மட்டும் போதும். முழுப்பாட்டையும் எடுத்தால் பாடவேளை முழுவதும் பாடுவதிலேயே கழிந்துவிடும். காதலியின் முகத்தை நிலவுக்கு ஒப்பிடும் அடிகள் நம் திரைப்பாடல்களில் எத்தனையோ உண்டு. அந்த அமைப்பில் நானே ஆக்கிய ஓர் அடியை எடுத்துக்கொள்கிறேன்: 'நிலவைப் போலே உன்முகம் கண்டேன்.' நான்கு சீர்கள். மேசையில் ஒரு சீருக்கு ஒரு தட்டு என்று நான்கு முறை தட்டிப் பாடச் சொல்லுங்கள். தட்டு மிகவும் அவசியம். அது இல்லாவிட்டால் ஓர் எழுத்தை நீட்டிப் பாடியே குறைந்த சொற்களை மெட்டுக்குள் நிரப்பிவிடுவார்கள்.

முதலில் அடியைப் பிரிக்க வேண்டும். முகம் உவமேயம், நிலவு உவமானம், 'போலே' உவம உருபு. பொதுத்தன்மை எங்கே என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும், ஏனெனில் அது அடியில் சொல்லப்படவில்லை. பொதுத்தன்மை இவ்வாறு மறைந்து நிற்பதைத் தண்டியலங்காரம் தொகையுவமை என்கிறது. வெளிப்பட்டு நின்றால் விரியுவமை. மறைந்திருப்பதை வெளியே கொண்டுவரத் தொல்காப்பியத்தின் 'வினைபயன் மெய்உரு என்ற நான்கே' என்ற அடி நல்ல கருவி. ஒன்று செய்யும் செயலா, தரும் பயனா, அதன் வடிவமா, நிறமா ஒத்திருக்கிறது என்று இந்த நான்கையும் கேள்விகளாக மாற்றிக் கரும்பலகையில் எழுதிவிடலாம். நிலவுக்கும் முகத்துக்கும் பொதுவானது வட்ட வடிவமும் வெண்ணிறமும் என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, மெட்டைத் தொடாமல் பொருளை மாற்றச் சொல்ல வேண்டும். நிலவும் மலரும் வேண்டாம், உங்கள் ஊரில் கண்ணால் கண்டது ஒன்று வேண்டும் என்ற ஒரே நிபந்தனை போதுமானது. வன்னியில் குளம் இல்லாத பிள்ளையின் உலகம் அரிது. ஆகவே குளம் வந்துவிடும். என் வகுப்பில் வந்த ஓர் அடி இது: 'குளத்தைப் போலே எங்களின் அம்மா.' நான்கு கேள்விகளையும் கேட்டோம். நிறம் பொருந்தவில்லை, வடிவமும் பொருந்தவில்லை. மாரியில் சேர்த்து வைத்துச் சிறுபோகத்துக்குக் கொடுப்பது குளம் என்று ஒரு மாணவி சொன்னபோது, பொதுத்தன்மை பயன் என்பது வகுப்புக்கு விளங்கியது. நிலவு போன்ற முகத்தைவிட இந்த உவமை வலிமையானது என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் இதை எழுதிய பிள்ளை ஒப்பீட்டை யாரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை.

இனித்தான் முக்கியமான படி. 'போலே' என்ற சொல்லை அழித்துவிட்டு, அம்மாவையே குளமாக்கி எழுதச் சொல்லுங்கள். 'எங்களின் அம்மா குளமே' என்று வரும். தட்டிப் பாடினால் மூன்று தட்டுகளோடு சொற்கள் முடிந்து, ஒரு தட்டு வெறுமையாக நிற்கும். உவம உருபு போனபின் விழுந்த அந்த இடைவெளியைப் பிள்ளைகளின் காதே கண்டுபிடிக்கிறது. அதை எதைக்கொண்டு நிரப்புகிறார்கள் என்பதில்தான் உருவகம் விளங்கியதா இல்லையா என்பது தெரியும். 'நல்ல குளமே' என்று நிரப்பினால் இன்னும் விளங்கவில்லை. 'நல்ல' என்பது எந்தப் பொருளுக்கும் ஒட்டும். குளத்துக்கே உரிய சொல் அங்கே வர வேண்டும். 'வற்றாக் குளமே' என்று ஒருவர் எழுதினார். சீர் சரியாக விழுந்தது, நானும் ஏற்றுக்கொள்ளவிருந்தேன். உடனே பின்வரிசையிலிருந்து, "ஆவணியில எங்கட குளம் வத்திப்போடும் ரீச்சர்" என்று ஒரு குரல் வந்தது. உவமானத்தை உண்மையாகவே பார்த்துப் பேசிய அந்தத் தடையை நான் மிகவும் மதிக்கிறேன். சொல் 'தேக்கும்' என்று மாறியது: 'எங்களின் அம்மா தேக்கும் குளமே.'

பலர் இந்த அடியோடு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் இரண்டாம் அடியும் கேளுங்கள். 'பசித்து வந்தால் சோறு தருவாள்' என்று எழுதினால், முதல் அடியில் குளமாக இருந்தவள் இரண்டாம் அடியில் மீண்டும் அம்மாவாகிவிடுகிறாள். 'துருசு திறந்தால் வயல்களே நாங்கள்' என்று வந்தபோது அம்மா குளம், பிள்ளைகள் வயல் என்று உருவகம் முழுமையடைந்தது. ஒன்றை மட்டும் உருவகித்து, அதனோடு இயைந்த மற்றதை உருவகிக்காமல் விடுவது பிழையன்று. அது ஏகதேச உருவகம். 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர்' என்னும் குறளில் பிறவி கடலாகிறது, ஆனால் இறைவன் அடி தெப்பமாகவில்லை. பிள்ளைகள் தாங்களே இரண்டு வகையாகவும் எழுதிப் பார்த்தபின் இந்தக் குறளைக் காட்டினால், அந்தக் கலைச்சொல்லை மனனம் செய்விக்க வேண்டிய தேவை இருக்காது.

இந்த முறைக்கு ஓர் ஆபத்து உண்டு. மெட்டு இனிமையாக இருப்பதால் வெறும் சொற்களும் அழகாகக் கேட்கும். ஆகவே எழுதிய அடிகளைப் பாடாமல் உரைநடையாக ஒருமுறை வாசிக்கச் செய்த பின்னரே புள்ளியிட வேண்டும். வாசிக்கும்போது, உவமானத்துக்கு உரிய சொல் எது என்று அடிக்கோடிடச் சொல்லுங்கள். அடிக்கோடு விழ இடமில்லாத அடியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இரண்டாம் பாடவேளையில் அதே பிள்ளைகளுக்கு மெட்டில்லாத புதுக்கவிதை ஒன்றைக் கொடுத்து, 'போல' என்று எங்கும் வராத உவமைத்தொகையையும் உருவகத்தையும் பிரித்தறியச் செய்கிறேன். தொகையை விரித்து, 'போன்ற' என்பதைச் சேர்த்து வாசித்தால் பொருள் மாறாமல் நிற்கிறதா என்று அவர்களே சோதிக்கிறார்கள். 'தாமரை போன்ற முகம்' நிற்கிறது. 'முகம் போன்ற தாமரை' என்றால் பேசுபொருள் முகத்திலிருந்து பூவுக்கு மாறிவிடுகிறது.