480 ரூபா ஸ்கூல் ஷூ, என் ரெண்டு கால், அந்தக் கூர் பெல்லி

வணக்கம் வணக்கம், எல்லாரும் நல்லாருக்கீங்களா? இப்பத்தான் நான் வேலை செய்யற கடையில இருந்து வந்து கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுல இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன். நடந்தே! ஆட்டோ பிடிக்கல. அதைச் சொல்லத்தான் முகம்கூடக் கழுவாம கேமராவை வச்சுட்டேன். இதோ பாருங்க, இந்த ஷூ. கருப்பு, மேல ஒரு வார், ஒரு பக்கிள். ஸ்கூல் பிள்ளைங்க போடறதேதான். 480 ரூபா. ஷூ கடைக்காரரு 520 சொன்னாரு, நான் பேசவே இல்ல, அவரே 40 குறைச்சாரு. இதைப் போட்டு இன்னையோட மூணு வாரம். இன்னைக்குக் கடையில கல்யாணக் கூட்டம், ஒன்பது மணி நேரம் டைல்ஸ் மேல நின்னேன், கால் ஒரு வார்த்தை பேசல.

பழைய வீடியோ பாத்தவங்களுக்கு அந்தச் சிவப்புப் பெல்லி ஷூ ஞாபகம் இருக்கும். கோயமுத்தூர் ஒப்பணக்கார வீதியில 750 சொன்னதை 600க்கு வாங்கினேனே, அதே மாடல்ல கருப்பும் எடுத்தேன். முன்னாடி கூரா, அடி சப்பாத்தி கணக்கா மெல்லிசா இருக்குமே, அது. எங்க கடையில முன்பக்கம் மூடின கருப்பு ஷூதான் போடணும். ஓணத்துக்கு முன்னாடியிருந்து தினமும் அதேதான். முதல்ல குதிகால்ல ஆரம்பிச்சது. காலையில எந்திரிச்சுத் தரையில முதல் அடி வைக்கறப்ப ஊசி குத்தும். பத்து அடி நடந்தா சரியாப் போகும். அதனால நானும் கண்டுக்கல. அப்புறம் முன் பாதத்துல, மூணாவது விரலுக்கும் நாலாவது விரலுக்கும் நடுவுல, ஷூக்குள்ள ஒரு பொடிக்கல்லு கிடக்கற மாதிரி. கழட்டித் தட்டினா ஒண்ணுமே இருக்காது. நான் நொண்டறதைப் பாத்துட்டு கூட வேலை செய்யற சேச்சி, "எந்தா மோளே, முள்ளு கேறியோ?"ன்னு கேட்டாங்க.

இங்கதான் நான் 350 ரூபா தண்டம் கட்டினேன். மெத்துன்னு ஒரு இன்சோல் வாங்கி உள்ள வச்சேன். வலி கூடிப்போச்சு! காரணம் என்னன்னா, பெல்லிக்கு உள்ள உயரமே கிடையாது. இன்சோல் வச்சா கால் மேல ஏறுது. முன்னாடி விரல் மேல் தோலோட இடிக்குது, பின்னாடி குதிகால் வெளிய வழுக்குது. அந்த 350 ரூபாய்க்கு இன்னொரு நூத்தி முப்பது போட்டா இந்த ஷூ வந்துருக்கும். எனக்கு இன்னும் ஆறலைங்க.

கடைசில பாலக்காட்டுல ஒரு ஃபிசியோவைப் போய்ப் பாத்தேன். அவங்க ஷூவைத்தான் முதல்ல கேட்டாங்க. கையில வாங்கி நடுவுல மடக்கினாங்க, அப்படியே மடிஞ்சுது. துணி பிழியற மாதிரி முறுக்கினாங்க, முறுகிருச்சு. ஷூன்னா விரல் மடங்கற இடத்துல மட்டும்தான் மடங்கணுமாம். நடுவுல மடங்கினா பாதத்தோட வளைவைத் தாங்கற வேலை முழுக்கக் காலு தலையிலதான் விழும். குதிகால்ல இருந்து விரல் வரைக்கும் அடிப்பாதத்துல ஒரு தடிச்ச நார்ப்பட்டை ஓடுது. அதுதான் நாள் பூரா இழுபட்டு, குதிகால்ல ஒட்டற இடத்துல நொந்து போகுது. ராத்திரி தூங்கறப்ப அது சுருங்கிக்கும், காலையில முதல் அடிக்கு மறுபடி இழுக்கும். அதான் அந்த ஊசி.

அவங்க சொன்னதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது இது. பெல்லி வந்தது பாலே ஆடறவங்க போடற ஸ்லிப்பர்ல இருந்து. 1956ல பாரிஸ்ல ரோஸ் ரெப்பெட்டோங்கறவங்க, முன்னாடி பாலே ஆடிட்டிருந்த நடிகை பிரிஜித் பார்தோவுக்காகத் தெருவுல போடற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுத்தாங்க, அது உலகம் பூரா பரவிருச்சு. ஆட்டக்காரங்களுக்குத் தரையைக் காலால உணரணும், அதனால அடி மெல்லிசு. ஆனா அவங்க ஆடற மேடை மரத்துல, கொஞ்சம் அமுங்கி எழும்பற மாதிரி போட்டது. அதிர்ச்சியைத் தரை வாங்கிக்கும். என் கடையில சிமெண்டு மேல டைல்ஸ். அது எதை வாங்கிக்கும்?

போன வீடியோவுல ஒரு அக்கா கேட்டிருந்தாங்க, "எங்க அம்மாயி வெறுங்கால்லயே காட்டுல நடந்தாங்க, அவங்களுக்கு வலிக்கலையே, மெல்லிசு எப்படிக் கெடுதல்?"ன்னு. நல்ல கேள்விங்க. அம்மாயி சின்னதுலேயே வெறுங்கால்ல நடந்து பழகினவங்க, மிதிச்சது மண்ணு, விரல் விசிறி மாதிரி விரிஞ்சிருக்கும். மெல்லிசு மட்டும் இருந்தா வேற கதை. பெல்லியில மெல்லிசு, இறுக்கம் ரெண்டும் சேந்து வருது. ஏன்னா வார் இல்ல, கயிறு இல்ல. காலைப் பிடிச்சு நிறுத்த ஷூவுக்கு விரலும் குதிகாலும்தான் இருக்கு. கடைக்காரரும் "போடப்போட லூஸாகும், டைட்டாவே எடுங்க"ம்பாரு. டைட்டா எடுத்தா விரல் நசுங்கும். ஒரு சைஸ் பெருசா எடுத்தா, கழண்டு போகாம இருக்க ஒவ்வொரு அடிக்கும் நமக்கே தெரியாம விரலை மடக்கிப் பிடிப்போம். அதுவும் வலிதான்.

கூர் முனையில இன்னும் மோசம். இதோ இந்தப் பேப்பர். இது என் வலது காலோட வரைபடம், விரல் ஆரம்பிக்கற இடத்துல அகலம் 9.4 சென்டிமீட்டர். அதுக்கு மேல வச்சு வரைஞ்சது பெல்லியோட அடி, அதே இடத்துல 7.8. ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல என் கால் வெளிய நிக்குது! முன்னாடி கூர் முனை நீளமாத்தான் இருக்கு, ஆனா அதுல விரல் போகாது, அது வெறும் அழகுக்கு. நீளத்துக்குன்னு பெருசு வாங்கினாலும் இந்த அகலம் பெருசா மாறாது. ரெண்டு பக்கமும் நசுக்கறப்ப விரல் எலும்புக்கு நடுவுல போற நரம்பு மாட்டிக்குது. ஃபிசியோ என் பாதத்தை ரெண்டு பக்கமும் சேத்து அமுக்கினதும் அந்தக் கல்லு அப்படியே வந்துச்சு. நான் கத்திட்டேன்.

எங்க பெரியம்மாவுக்குக் கட்டைவிரல் பக்கத்து விரல் மேல சாஞ்சு, அடி மூட்டு வெளிய புடைச்சிருக்கும். அது வம்சமாவும் வருமாம், ஷூ மட்டும் காரணம்னு சொல்ல முடியாது, ஆனா கூர் ஷூ அதைத் தள்ளிக்கிட்டே இருக்கும். அகலமான ஷூ போட்டா வலி குறையும், சாஞ்ச எலும்பு நேராகாது. எனக்கு அந்த அளவு போகல. கல்லு ரெண்டாவது வாரமே போயிருச்சு. குதிகால் காலையில இன்னும் லேசா சுருக்குங்குது, அதுக்கு மாசக்கணக்குல ஆகுமாம். சுவத்துல கை வச்சு கெண்டைக்காலை இழுத்து நிக்கற பயிற்சி தினமும் செய்யறேன்.

அப்புறம் இந்த ஷூ. சித்தூர்ல ஒரு சின்னக் கடை, பெரியவங்க செக்‌ஷன்ல நாலு ஜோடி பாத்தேன், எல்லாமே கூர். பக்கத்துல ஸ்கூல் ஷூ அடுக்கியிருந்தாங்க. முன்னாடி உருண்டை. மடக்கிப் பாத்தேன், விரல் கிட்ட மட்டும் மடங்குச்சு. முறுக்கினேன், விறைப்பா நின்னுச்சு. பேப்பரை எடுத்து அடியில வச்சேன், என் கால் கோடு உள்ளேயே அடங்குச்சு. வாரைப் போட்டதும் ஷூ மேல்பாதத்தைப் பிடிச்சுக்குது, விரலுக்கு வேலையே இல்ல. முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் காலி. சூப்பர்வைசர் பாத்தாரு, கருப்பு, மூடியிருக்கு, ஒண்ணும் சொல்லல.

அய்யோ, ஒண்ணு விட்டுட்டேன். பேப்பர்ல வரையறப்ப உக்காந்து வரையாதீங்க. நின்னுட்டு, முழு எடையும் போட்டு, வேற யாராவது வரையணும். எனக்குத் தம்பி வரைஞ்சான். அதுவும் சாயந்தரம், கால் வீங்கின நேரத்துல. ரெண்டு காலையும் வரையுங்க. எனக்கு இடது 9.6 வந்துச்சு, அதனால இடது கால் அளவுக்குத்தான் ஷூ எடுத்தேன். வலது கால் வாரை மட்டும் ஒரு ஓட்டை உள்ள தள்ளிப் போட்டுருக்கேன், இதோ பாருங்க, தெரியுதா?